திறந்ததும் மூடிக்கொள்ளும் பிரவுசர்: எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது?

ஃபயர்ஃபாக்ஸ் ஐகானை அழுத்துகிறோம். ஜன்னல் ஒரு கணம் எட்டிப் பார்க்கிறது, பிறகு காணாமல் போகிறது. அந்த இடத்தில் 'மன்னிக்கவும், ஃபயர்ஃபாக்ஸில் ஒரு சிக்கல், நின்றுவிட்டது' என்ற பொருளில் ஒரு சின்னப் பெட்டி வருகிறது. மறுபடி திறந்தாலும் இதே கதைதான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாலும் மாற்றமில்லை. இந்த நிலையில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: பிரவுசரை நீக்கிவிட்டுத் திரும்ப இன்ஸ்டால் செய்கிறார்கள். கடைக்குக் கொண்டுபோனாலும் பல நேரம் இதையே செய்து தருகிறார்கள். பிறகும் கிராஷ் ஆகிறது. அல்லது கிராஷ் நின்று, பல வருடம் சேர்த்த புக்மார்க்குகள் போய்விடுகின்றன. இந்த இரண்டு முடிவுகளுக்கும் காரணம் ஒன்றே. கோளாறு இருக்கும் இடத்தில் யாரும் கைவைக்கவில்லை.

ஃபயர்ஃபாக்ஸ் ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு தனித்தனி இடங்களில் வாழ்கிறது. நிரல் ஓரிடத்தில், பயனரின் சேமிப்பு வேறிடத்தில். விண்டோஸில் நிரல் பொதுவாக Program Files-க்குள் இருக்கும். புக்மார்க், பாஸ்வேர்டு, பார்த்த பக்கங்களின் வரலாறு, எக்ஸ்டென்ஷன், மாற்றிவைத்த அமைப்புகள் எல்லாம் 'புரொஃபைல்' எனப்படும் ஒரு ஃபோல்டரில் கிடக்கும். அந்த ஃபோல்டர் பயனரின் சொந்தப் பகுதியில் இருக்கிறது. நிரலை நீக்கும்போது அது நீக்கப்படுவதில்லை. இது நல்ல எண்ணத்தோடு செய்த ஏற்பாடு. நிரலைப் புதுப்பிக்கும்போதெல்லாம் நம் சேமிப்பு அழியக்கூடாது அல்லவா? ஆனால் அதே ஏற்பாட்டினால், புரொஃபைலுக்குள் ஒரு ஃபைல் கெட்டிருந்தால் ரீஇன்ஸ்டால் அதைத் தொடவே தொடாது. புத்தம்புது நிரல் அதே கெட்ட ஃபோல்டரைத் திறந்து, அதே இடத்தில் விழுகிறது.

'எனக்கு ரீஇன்ஸ்டால் செய்ததும் சரியாகிவிட்டதே' என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. 2019-இல் வந்த 67-ஆம் பதிப்பிலிருந்து, நிரல் எந்த ஃபோல்டரில் இன்ஸ்டால் ஆகியிருக்கிறதோ அதற்கென்று தனிப் புரொஃபைல் ஒதுக்கப்படுகிறது. முன்பு ஓரிடத்தில் இருந்த ஃபயர்ஃபாக்ஸை வேறோர் இடத்தில் போட்டால், அது தனக்கென்று ஒரு காலிப் புரொஃபைலை உருவாக்கிக்கொள்ளும். பழையது அப்படியே பக்கத்தில் கிடக்கும். பழைய புரொஃபைல் இருப்பதைக் கண்டால், அமைப்புகளைத் துப்புரவாக்கித் தரட்டுமா என்று இன்ஸ்டாலரே கேட்பதும் உண்டு. ஆக, குணமாக்கியது ரீஇன்ஸ்டால் அல்ல. போகிற போக்கில் நடந்த புரொஃபைல் மாற்றம். அதைத் தெரிந்தே செய்தால் புக்மார்க்கையும் கையோடு கொண்டுபோகலாம். இன்னொரு வேடிக்கை: நண்பர் வைத்திருந்த பழைய இன்ஸ்டாலரைப் போட்டால், பழைய பதிப்பு புதிய பதிப்பின் புரொஃபைலைத் திறக்க மறுத்து, புதுப் புரொஃபைல் உருவாக்கச் சொல்லி ஓர் அறிவிப்பைக் காட்டும். இதுவும் 67-ஆம் பதிப்பில் வந்த பாதுகாப்புதான். புரொஃபைல் கெட்டதாக அதற்கு அர்த்தமில்லை. தற்போதைய பதிப்பை இறக்கிப் போட்டால் அது மறைந்துவிடும்.

அதனால் முதல் கேள்வி, கோளாறு உண்மையிலேயே புரொஃபைலில்தானா என்பது. சில அறிவிப்புகள் பார்க்கப் பயமாக இருக்கும், விஷயம் சின்னதாக இருக்கும். 'ஃபயர்ஃபாக்ஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, பதில் தரவில்லை' என்று வந்தால், முந்தைய ஓட்டம் முழுதாக முடியாமல் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். டாஸ்க் மேனேஜரில் போய் firefox.exe என்ற எல்லா வரிகளையும் முடித்துவைத்தால் போதும். 'புரொஃபைலைத் திறக்க முடியவில்லை, அது இல்லை அல்லது எட்டவில்லை' என்று வந்தால், ஃபோல்டரை யாரோ நகர்த்திவிட்டார்கள் அல்லது பெயர் மாற்றிவிட்டார்கள். இவை இரண்டும் கிராஷ் அல்ல. நிரல் திறந்து, ஓடத் தொடங்கி, பிறகு விழுந்து, கிராஷ் பெட்டி வந்தால்தான் நாம் பேசுகிற நோய்.

அப்போதும் உடனே புதுப் புரொஃபைலுக்கு ஓட வேண்டாம். ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஃபயர்ஃபாக்ஸைத் திறந்தால் Troubleshoot Mode என்ற வழி கிடைக்கும். முன்பு இதற்கு Safe Mode என்று பெயர். அந்த நிலையில் எக்ஸ்டென்ஷன்கள், தீம்கள், கிராஃபிக்ஸ் கார்டை நேரடியாகப் பயன்படுத்தும் வசதி எல்லாம் தற்காலிகமாக நிற்கும். அதில் பிரவுசர் ஒழுங்காக ஓடினால் குற்றவாளி பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான். எக்ஸ்டென்ஷன்களை நிறுத்திவைத்து ஒவ்வொன்றாகத் திரும்ப இயக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதிலும் விழுந்தால்தான் அடுத்த சோதனை, காலிப் புரொஃபைல் ஒன்றை உருவாக்கி அதில் திறந்து பார்ப்பது. இந்தக் கட்டுரை முழுவதும் இந்தச் சோதனையின் மீதுதான் நிற்கிறது. அதே நிரல், அதே கம்ப்யூட்டர், அதே கிராஃபிக்ஸ் டிரைவர், அதே ஆன்டிவைரஸ். மாறியது புரொஃபைல் ஒன்றுதான். காலிப் புரொஃபைலில் ஓடி, பழையதில் விழுந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. காலியிலும் விழுந்தால் புரொஃபைலைக் குறை சொல்லிப் பயனில்லை. டிரைவர், நிரலுக்குள் தன்னை நுழைக்கும் பாதுகாப்பு மென்பொருள், பழுதான நினைவகம் ஆகியவற்றின் பக்கம் போக வேண்டும். ரீஇன்ஸ்டாலுக்கு அர்த்தம் இருப்பது இந்த இரண்டாவது நிலையில்தான்.

சோதனையைத் தொடங்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் ஃபயர்ஃபாக்ஸ் எதுவும் ஓடவில்லை என்று உறுதிசெய்துவிட்டு, விண்டோஸ் விசையையும் R-ஐயும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் இதைத் தட்டச்சு செய்ய வேண்டும்:

```
%APPDATA%\Mozilla\Firefox
```

திறக்கும் ஃபோல்டருக்குள் Profiles என்று ஒன்று இருக்கும். அதை முழுதாக நகலெடுத்து டெஸ்க்டாப்பிலோ பென்டிரைவிலோ வைக்க வேண்டும். நகர்த்தக் கூடாது, நகல்தான். உபுண்டுவில் இதே பொருள் ~/snap/firefox/common/.mozilla/firefox என்ற இடத்தில் இருக்கும். மற்ற பல லினக்ஸ் வகைகளில் ~/.mozilla/firefox என்று தேடலாம். சிலர் இந்த நகலைத் தேவையில்லாத பயம் என்று நினைப்பார்கள். ஏன் தேவை என்பது கீழே 15 என்ற எண் வரும்போது விளங்கும்.

நகல் கைக்கு வந்ததும், அதே R பெட்டியில்:

```
firefox.exe -P
```

இது புரொஃபைல் மேலாளர் என்ற பழைய, அழகில்லாத சின்ன ஜன்னலைத் திறக்கும். 2025-இல் பிரவுசரின் மெனுவுக்குள்ளேயே புதிய புரொஃபைல் வசதி வரத் தொடங்கியது. ஆனால் அதைத் தொட பிரவுசர் திறந்திருக்க வேண்டும். நம் பிரச்சினையே அது திறக்கவில்லை என்பதுதான். ஆகவே பழைய ஜன்னலே கதி. அதில் Create Profile-ஐ அழுத்தி, 'புதியது' என்று ஏதாவது பெயர் கொடுத்து முடித்து, அதைத் தேர்ந்தெடுத்துத் திறக்க வேண்டும். பக்கத்திலேயே Delete Profile என்ற பொத்தானும் இருக்கிறது. அவசரத்தில் அதை அழுத்தினால், ஃபைல்களையும் அழிக்கட்டுமா என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு இப்போதைக்கு ஒரே பதில், வேண்டாம்.

புதியது ஒழுங்காக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய ஃபோல்டரில் உண்மையில் எது கெட்டது? அதற்குள் பல டஜன் ஃபைல்கள் உண்டு. அவற்றில் முக்கியமான சில எஸ்க்யூஎல்லைட் என்ற சிறிய தரவுத்தளத்தின் வடிவில் இருப்பவை. புக்மார்க்கும் வரலாறும் places.sqlite என்ற ஃபைலில், குக்கிகள் cookies.sqlite-இல். எழுதுவது பாதியில் நின்றாலும் பழைய நிலைக்குத் திரும்பும்படி இந்தத் தரவுத்தளம் கவனமாகக் கட்டப்பட்டிருக்கிறது. மின்சாரம் போனதும் எல்லாம் கெட்டுவிடாது. இருந்தும் எப்படிக் கெடும் என்று எஸ்க்யூஎல்லைட் ஆட்களே ஒரு நீண்ட பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். எழுதி முடித்தேன் என்று வட்டு பொய் சொல்வது, எழுதிக்கொண்டிருக்கும்போதே ஃபைலை நகலெடுப்பது, தரவுத்தளத்தின் பக்கத்தில் இருக்கும் பதிவேட்டு ஃபைலை அழித்துவிடுவது அல்லது அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் நகர்த்துவது ஆகியவை அதில் வருகின்றன. கடைசியாகச் சொன்னது நம் வீடுகளில் அதிகம் நடக்கக்கூடியது. places.sqlite-இன் பக்கத்தில் places.sqlite-wal என்று ஒரு ஃபைலைக் கண்டு, இது என்ன குப்பை என்று 'கிளீனர்' மென்பொருளோ மனிதரோ அழித்துவிட்டால், இன்னும் முதன்மை ஃபைலுக்குப் போய்ச் சேராத கடைசி மாற்றங்கள் அதோடு போகும்.

இங்கே பலரும் எதிர்பார்க்காத ஒன்று இருக்கிறது. places.sqlite கெட்டால் ஃபயர்ஃபாக்ஸ் பொதுவாகக் கிராஷ் ஆவதில்லை. கெட்டதைக் கண்டுபிடித்து, அதன் பெயரை places.sqlite.corrupt என்று மாற்றி ஒதுக்கிவிட்டு, புதிய தரவுத்தளம் ஒன்றைத் தொடங்கி, தன்னிடம் உள்ள காப்பிலிருந்து புக்மார்க்கை நிரப்பிக்கொள்கிறது. ஃபோல்டரில் அந்தப் பெயரில் ஒரு ஃபைல் கிடந்தால் இது முன்பே ஒரு முறை நடந்திருக்கிறது. அப்படியானால் திறந்ததும் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் மற்றவை: தொடக்க வேகத்துக்காகச் சேர்த்துவைத்த இடைச்சேமிப்பு, எக்ஸ்டென்ஷன்களின் தரவு, வலைத்தளங்கள் நம் கம்ப்யூட்டரில் போட்டுவைத்த சேமிப்பு, prefs.js-க்குள் எப்போதோ மாற்றிய ஏதோ ஓர் அமைப்பு. நாம் இழக்கப் பயப்படும் பொருள் ஒன்று, நம்மை விழவைக்கும் பொருள் வேறொன்று. அதனால்தான் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு புக்மார்க்கை மட்டும் எடுத்துச் செல்வது சாத்தியமாகிறது.

எந்த ஃபைல் குற்றவாளி என்று கண்டுபிடித்து, அதை மட்டும் தூக்கினால் போதாதா என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். முடியும். பாதி ஃபைல்களை ஒதுக்கிவைத்துத் திறந்து பார்ப்பது, ஓடினால் ஒதுக்கியதில் பாதியைத் திரும்ப வைப்பது என்று குறுக்கிக்கொண்டே போகலாம். மென்பொருள் எழுதுபவருக்கு அது பயனுள்ள பொழுதுபோக்கு. ஆனால் கெட்டது ஒரே ஃபைல்தான் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை. வட்டில் ஏற்பட்ட பிழையானால் பக்கத்து ஃபைல்களும் சேதமாகியிருக்கலாம். அவை இன்று கிராஷ் ஆக்காமல் அடுத்த மாதம் ஆக்கலாம். தொடக்கத்துக்கு வேண்டியதெல்லாம் புதிதாக எழுதப்படுவதுதான் நிம்மதி. விலை என்ன? எக்ஸ்டென்ஷன்களைத் திரும்பப் போட வேண்டும், தளங்களில் மறுபடி லாகின் செய்ய வேண்டும். ஒரு மாலை நேர வேலை.

இனி புக்மார்க். இதற்கு places.sqlite-ஐ நேராகப் புதிய ஃபோல்டரில் ஒட்டுவது பலரும் சொல்லும் வழி. அதில் வரலாறும் சேர்ந்து வரும் என்பது உண்மைதான். ஆனால் என் வாதம் வேறு. சந்தேகத்துக்குரிய வீட்டிலிருந்து பெட்டியைத் தூக்கி வரக் கூடாது, உள்ளே இருப்பதை மட்டும் எடுத்து வர வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் நமக்குத் தெரியாமலே அதற்கு வழி செய்து வைத்திருக்கிறது. புரொஃபைலுக்குள் bookmarkbackups என்று ஒரு ஃபோல்டர் உண்டு. புக்மார்க்குகளைத் தரவுத்தள வடிவில் இல்லாமல், பெயர், முகவரி, எந்த ஃபோல்டரில் இருந்தது, என்ன குறிச்சொல் என்ற விவரங்களாக எழுதி, சுருக்கி, தேதியிட்டு அங்கே போட்டுவைக்கிறது. அதை மீட்கும்போது புதிய புரொஃபைல் அந்த விவரங்களைப் படித்துத் தன் சொந்தத் தரவுத்தளத்தில் புதிதாக எழுதிக்கொள்கிறது. பழைய தரவுத்தளத்தின் முறிந்த பக்கங்கள் அதோடு பயணம் செய்ய வழியே இல்லை.

ஒரு கணக்கு வைத்துப் பார்ப்போம். ஒருவரிடம் ஏறக்குறைய 1,240 புக்மார்க் இருந்தது. ஜூன் 12 அன்று பிரவுசர் ஒருவாறு திறந்தபோது பட்டியல் காலியாக இருந்தது, மறுநாள் திறக்கவே இல்லை. அவருடைய ஃபோல்டரில் உள்ளவை இப்படி இருக்கலாம். ஒவ்வொரு பெயரின் பின்பகுதியிலும் வரும் புரியாத எழுத்துக் கோவைக்குப் பதில் புள்ளி வைத்திருக்கிறேன்:

```
bookmarks-2025-06-05_1231_....jsonlz4
bookmarks-2025-06-09_1236_....jsonlz4
bookmarks-2025-06-11_1238_....jsonlz4
bookmarks-2025-06-12_14_....jsonlz4
```

தேதிக்கு அடுத்து வரும் எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. அந்தக் காப்பில் எத்தனை உருப்படிகள் என்பதை அது சொல்கிறது. ஃபோல்டர்களும் சேரக்கூடும் என்பதால் நம் சொந்தக் கணக்கோடு அச்சாகப் பொருந்தாது. ஆனால் 1,238-க்கும் 14-க்கும் உள்ள வித்தியாசம் எவருக்கும் புரியும். 12-ஆம் தேதிக் காப்பு, காலியான பட்டியலோடு வந்த முன்னிருப்புப் புக்மார்க்குகள். புதியது நல்லது என்று நினைத்து அதை எடுத்தால் ஏமாற்றம்தான். எடுக்க வேண்டியது 11-ஆம் தேதியுடையது. தேதிகள் தொடர்ச்சியாக இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. உள்ளடக்கம் மாறாத நாளில் ஃபயர்ஃபாக்ஸ் இன்னொரு காப்பு எடுக்காமல் இருப்பதையே புதுத் தேதியிட்டு வைத்துக்கொள்ளும். அந்தப் புரியாத எழுத்துக் கோவை உள்ளடக்கத்தின் கைரேகை. அதை ஒப்பிட்டுத்தான் மாற்றம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்கிறது.

இந்த ஃபோல்டரில் வழக்கமாக வைத்துக்கொள்ளப்படும் காப்புகள் 15. பதினாறாவது வந்தால் மிகப் பழையது போய்விடும். பட்டியல் காலியானதைக் கண்டும் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று புதிய புக்மார்க்குகளைச் சேர்த்துக்கொண்டே இரண்டு மூன்று வாரம் ஓட்டினால், 14, 17, 20 என்று சின்னச் சின்னக் காப்புகள் வரிசையாக வந்து, 1,238 இருந்த கடைசி நல்ல காப்பை வெளியே தள்ளிவிடும். முதலிலேயே ஃபோல்டரை நகலெடுக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான். நகலில் இருக்கும் காப்புகளை ஃபயர்ஃபாக்ஸ் தொடாது.

மீட்பது எளிது. புதிய புரொஃபைலில் ஃபயர்ஃபாக்ஸைத் திறந்து Ctrl, Shift, O மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புக்மார்க் நூலகம் வரும். அதில் Import and Backup, பிறகு Restore, பிறகு Choose File. டெஸ்க்டாப்பில் உள்ள நகலுக்குள் போய், bookmarkbackups ஃபோல்டரில் 1238 என்ற எண் உள்ள ஃபைலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இப்போதுள்ள புக்மார்க்குகள் எல்லாம் மாற்றப்படும் என்று எச்சரிக்கும். புதிய புரொஃபைலில் இழக்க எதுவும் இல்லாததால் ஒப்புக்கொள்ளலாம். அதனால்தான் புதியதில் புக்மார்க் எதுவும் சேர்க்கும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். jsonlz4 என்ற வடிவம் மொசில்லாவின் சொந்தத் தயாரிப்பு. விரிப்பதற்கு வழக்கமான ஸிப் மென்பொருள் உதவாது, பெயர் மாற்றினாலும் திறக்காது. அதைத் திறக்க முயன்று காப்பே கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

முடிந்ததும் பட்டியல் பழைய வரிசையில், பழைய ஃபோல்டர்களோடு நிற்கும். தளங்களின் சின்னப் படங்கள் மட்டும் வெறுமையாக இருக்கலாம். அவை favicons.sqlite என்ற வேறொரு ஃபைலில் இருப்பவை. தளத்துக்கு ஒரு முறை போனால் தானாக வந்துவிடும். கடைசிக் காப்புக்குப் பிறகு, கிராஷ் ஆன நாளில் சேர்த்த ஓரிரண்டு புக்மார்க்குகள் இதில் இருக்காது. இந்த வழியின் உண்மையான குறை அதுதான். அவை அவ்வளவு முக்கியம் என்றால், பழைய புரொஃபைல் Troubleshoot Mode-இல் ஒரு நிமிடமாவது நிற்கிறதா என்று பார்த்து, நின்றால் அதே நூலகத்தில் Backup கொடுத்துப் புதுக் காப்பு எடுத்துக்கொள்ளலாம்.

வரலாறும் இல்லாமல் முடியாது என்பவர்களுக்குத் தரவுத்தளத்தை அப்படியே எடுத்துப்போவதைத் தவிர வழியில்லை. அப்போது places.sqlite, அதோடு places.sqlite-wal இருந்தால் அதையும் சேர்த்து, ஃபயர்ஃபாக்ஸ் முழுதாக மூடியிருக்கும்போது புதிய ஃபோல்டரில் வைக்க வேண்டும். ஏற்கெனவே அங்கிருக்கும் அதே பெயர் ஃபைல்களை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். ஒன்றின் தரவுத்தளமும் இன்னொன்றின் பதிவேடும் சேர்ந்துவிட்டால் புதிதாக ஒரு சேதத்தை நாமே உண்டாக்குவோம். பிறகு திறந்து, முகவரிப் பட்டையில் about:support என்று போட்டு, Places Database என்ற பகுதியில் Verify Integrity-ஐ அழுத்திச் சோதித்துவிட வேண்டும். சோதனையில் தேறினால் வைத்துக்கொள்ளலாம். தேறாவிட்டால் வரலாற்றின் மீதுள்ள பிரியத்தை விட்டுவிட்டுக் காப்பு வழிக்கே திரும்புவது நல்லது.

மொசில்லாவே Refresh என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறதே, அது போதாதா என்பது நியாயமான கேள்வி. ஷிஃப்ட் பிடித்துத் திறக்கும்போது வரும் பெட்டியிலேயே அது இருக்கிறது. அதை அழுத்தினால் புதுப் புரொஃபைல் உருவாகி, புக்மார்க், வரலாறு, பாஸ்வேர்டு, குக்கிகள் ஆகியவை அங்கே போய்ச் சேர்கின்றன. பழையது Old Firefox Data என்ற பெயரில் டெஸ்க்டாப்பில் வைக்கப்படுகிறது. கோளாறு எக்ஸ்டென்ஷனிலோ அமைப்பிலோ இருந்தால் இது போதும். நகல் எடுத்த பிறகு முதலில் இதை முயன்று பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அது செய்வது பெட்டியைத் தூக்கி வரும் வேலை. places.sqlite-உம் cookies.sqlite-உம் அப்படியே நகலாகின்றன. சேதம் அவற்றில் ஒன்றில் இருந்தால் புதிய வீட்டுக்கும் அது வந்துவிடும். Refresh செய்தும் கிராஷ் நிற்காமல், கையால் உருவாக்கிய காலிப் புரொஃபைல் மட்டும் ஓடுகிறது என்றால் காரணத்தை அங்கே தேடலாம்.

மொசில்லா கணக்கில் ஒத்திசைவு வைத்திருப்பவர்கள், நமக்கு இதெல்லாம் எதற்கு, லாகின் செய்தால் எல்லாம் வந்துவிடும் என்பார்கள். பல நேரம் வந்துவிடும். ஆனால் ஒத்திசைவு காப்பு அல்ல. ஒரு கருவியில் நடந்ததை மற்றவற்றிலும் நடத்துவது அதன் வேலை. அழிந்ததையும் அது உண்மையாகவே எடுத்துப்போகும். நம் உதாரணத்தில் 12-ஆம் தேதி பட்டியல் காலியானது ஒத்திசைவின் வழியே போயிருந்தால், போனில் உள்ள பட்டியலும் அதே கதியை அடைந்திருக்கக்கூடும். தேதியிட்ட காப்புக்கு இந்த அபாயம் இல்லை. இரண்டும் கைவசம் இருந்தால் ஒன்றை மட்டும் நம்புவது மேல். போனில் பட்டியல் முழுதாக இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு லாகின் செய்வது, அல்லது காப்பிலிருந்து மீட்டு, சரிபார்த்து, அதன் பிறகே கணக்கை இணைப்பது.

பாஸ்வேர்டுகளுக்குத் தேதியிட்ட காப்பு வரிசை கிடையாது; ஃபைலாகத்தான் கொண்டுபோக வேண்டும். logins.json, key4.db இரண்டும் ஒரு ஜோடி. முதலாவதில் பூட்டிய பாஸ்வேர்டுகள், இரண்டாவதில் அவற்றின் சாவி. ஒன்று இல்லாமல் மற்றது வீண். ஒரு நாளின் பூட்டும் இன்னொரு நாளின் சாவியும் சேராமல் போகலாம். ஃபயர்ஃபாக்ஸை மூடிவிட்டு இரண்டையும் ஒரே நகலிலிருந்து சேர்த்தெடுத்து வைக்க வேண்டும். புக்மார்க்கை மீட்ட பிறகு ஓரிரு நாள் நிம்மதியாக ஓடிய புரொஃபைலில் இதைச் செய்வது உசிதம். அப்போது மறுபடி கிராஷ் வந்தால் எது கொண்டுவந்தது என்று தேட வேண்டியதில்லை. இங்கே நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. prefs.js-ஐயும் எக்ஸ்டென்ஷன் ஃபோல்டரையும் கொண்டுவர ஆசை வரும். கொண்டுவந்தால் புதுப் புரொஃபைல் என்று பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

குரோம் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் குறைவு. அங்கே புக்மார்க் தரவுத்தளமாக இல்லாமல் Bookmarks என்ற பெயரில், பின்னொட்டு எதுவும் இல்லாத, நோட்பேடில்கூடத் திறந்து படிக்கக்கூடிய ஒற்றை ஃபைலாக இருக்கிறது. பக்கத்தில் Bookmarks.bak என்று ஒரு முந்தைய நகல். விண்டோஸில் %LOCALAPPDATA%\Google\Chrome\User Data\Default என்ற இடம். ஒன்றுக்கு மேற்பட்ட புரொஃபைல் வைத்திருந்தால் Profile 1 போன்ற பெயர்களில் பார்க்க வேண்டும். குரோமை மூடி, இரண்டு ஃபைல்களையும் வெளியே நகலெடுத்து, Default-இன் பெயரை வேறாக மாற்றித் திறந்தால் காலி Default ஒன்று உருவாகும். அது நன்றாக ஓடினால் மறுபடி மூடி, நகலெடுத்த Bookmarks-ஐ அதற்குள் வைத்தால் போதும். ஒரே எச்சரிக்கை: .bak மேலெழுதப்படும் வகையைச் சேர்ந்தது. கெட்ட பட்டியலோடு பலமுறை திறந்து மூடிப் பார்ப்பதற்கு முன்பே நகல் எடுத்தாக வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் தரும் 15 காப்பு அவகாசம் இங்கே கிடையாது.

பழைய ஃபயர்ஃபாக்ஸ் புரொஃபைலை எப்போது அழிப்பது? புதியதில் தேவையான தளங்களையெல்லாம் ஒரு சுற்று பார்த்து, பாஸ்வேர்டு எதுவும் விடுபடவில்லை என்று தெரிந்த பிறகு. மாதாமாதம் மட்டும் திறக்கும் மின்கட்டணம், வரி, காப்பீடு போன்ற தளங்களை நினைத்துப் பார்த்தால் ஒரு மாதமாவது வைத்திருப்பதே சரி. அந்த மாதத்துக்குள் புதிய புரொஃபைலும் அதேபோல் கெட்டால், மூன்றாவதை உருவாக்குவதில் பொருளில்லை. அப்போது பார்க்க வேண்டியது வட்டு. நிர்வாகி உரிமையோடு கட்டளை ஜன்னலைத் திறந்து

```
chkdsk C: /scan
```

என்று ஓட்டிப் பார்க்கலாம். நினைவகத்துக்கு விண்டோஸிலேயே mdsched என்ற சோதனை இருக்கிறது. வட்டில் பிழை காட்டினால், டெஸ்க்டாப்பில் எடுத்துவைத்த அந்த நகலும் அதே வட்டில்தான் இருக்கிறது. முதல் வேலையாக அதை வேறு வட்டுக்கு மாற்ற வேண்டும்.